கல்குலேட்டர் 1 என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள்

ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். போன கிழமை திருத்திய கொப்பிகளில் மூன்றில் ஒரே பிழையான விடை: n முடிவிலியை நோக்கிப் போகும்போது (1 + 1/n)^n இன் எல்லை 1. கூப்பிட்டுக் கேட்டால், ஒருவன் கல்குலேட்டரையே நீட்டுகிறான். "சேர், n க்கு 10^20 போட்டேன், 1 தானே வருது?"

வரும். அந்தக் கருவி பதினைந்து இலக்கம் அளவில்தான் நினைவில் வைத்திருக்கும். இருபதாவது தசம தானத்தில் இருக்கும் சின்ன 1 ஐ அது முதலிலேயே விட்டுவிடுகிறது. மிச்சம் வெறும் 1. அதை எத்தனை தடவை பெருக்கினாலும் 1 தான்.

கருவியாவது பரவாயில்லை, பிள்ளைகளும் தலைக்குள் அதையே செய்கிறார்கள். அடியை முதலில் 1 ஆக்கிவிட்டு, பிறகு அடுக்கைக் கவனிக்கிறார்கள். இன்னொரு கூட்டம் அடியை அப்படியே நிறுத்தி, அடுக்கை மட்டும் ஏற்றி, முடிவிலி என்கிறது. இரண்டும் ஒரே பிழை. அடி குறையும் அதே n தான் அடுக்கையும் கூட்டுகிறது. 1.01 ஐ நூறு தடவை பெருக்குங்கள்: 2.7048. 1.001 ஐ ஆயிரம் தடவை: 2.7169. இதில் 1 எங்கே, முடிவிலி எங்கே?

நிறுவ ஈருறுப்பு விரிவு கட்டாயமில்லை. கூட்டலிடை பெருக்கலிடையை விடச் சிறிதாகாது என்பது போதும்.

(1 + 1/n) ஐ n தடவை எழுதி, பக்கத்தில் ஒரு 1 வையுங்கள். மொத்தம் n + 1 எண்கள், கூட்டுத்தொகை n + 2. ஆகவே கூட்டலிடை 1 + 1/(n+1). எல்லா எண்களும் சமமில்லை என்பதால் பெருக்கலிடை இதைவிடக் கண்டிப்பாகச் சிறிது. இரு பக்கத்தையும் n + 1 ஆம் அடுக்குக்கு உயர்த்தினால்:

(1 + 1/n)^n < (1 + 1/(n+1))^(n+1)

ஏறுகிறது. n = 1 இல் 2, n = 2 இல் 2.25.

இப்போது அந்த 1 ஐ எடுத்துவிட்டு, இரண்டு அரைகளை வையுங்கள். எண்கள் n + 2, கூட்டுத்தொகையும் n + 2, கூட்டலிடை 1. ஆகவே பெருக்கம் 1 ஐ விடச் சிறிது:

(1 + 1/n)^n × 1/4 < 1

எந்த n க்கும் பெறுமானம் 4 க்குக் கீழேதான். ஏறிக்கொண்டே போகும், மேலே கூரையும் உள்ள மெய்யெண் வரிசைக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்கு வைத்த பெயர்தான் e.

கூரை 4 என்றதும் "அப்போ எல்லை 4" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பிதுருதலாகலை 2524 மீற்றர். அந்தப் பாதையில் ஏறுகிறவர் யாரும் 3000 மீற்றரைத் தாண்டமாட்டார், அதற்காக உச்சி 3000 ஆகிவிடுமா? எல்லை 2.71828 அளவில் நிற்கிறது.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: இந்த எல்லையை நிறுவ ln எடுக்காதீர்கள். e ஐ இந்த எல்லையால் வரையறுக்கும் கேள்வியில், ln இன் அடியே e. இன்னும் பிறக்காத பிள்ளையைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.