பணிவிடுப்புக் கடிதத்தில் காரணம் எதற்கு?

திருப்பூரிலும் கோவையிலும் நிறுவனங்களுக்கு மனிதவள ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு, ஒரே தவறுள்ள பணிவிடுப்புக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலிப்பு வந்துவிட்டது. அண்மையில் ஓர் இளைஞர் நீட்டிய கடிதம் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றினுடையது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "இவர் ஜூன் 2021 முதல் ஆகஸ்ட் 2024 வரை எங்களிடம் வேலை செய்தார். ஆர்டர் நெருக்கடியில் ஒத்துழைக்க விருப்பமில்லாமல் விலகினார். கடைசிச் சம்பளம் ரூ. 27,500. நடத்தை திருப்தி."

உண்மையில் அவர் 03.07.2024 அன்று ஒரு மாத முன்னறிவிப்புடன் பணிவிலகல் கடிதம் கொடுத்து, 03.08.2024 சனிக்கிழமை மாலை வரை வேலை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை 5ஆம் தேதி கோவையில் புதிய வேலையில் சேர்ந்தவர். பழைய நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலோ, யார் விலகினாலும் மாதக் கடைசி நாளையே வருங்கால வைப்புநிதிப் பதிவில் விலகிய தேதியாக ஏற்றிவிடும் பழக்கம் இருந்திருக்கிறது. அதனால் ஆகஸ்ட் 5 முதல் 31 வரை 27 நாட்கள் அவர் இரண்டு நிறுவனங்களில் ஒரே நேரத்தில் வேலை செய்ததாகப் பதிவு காட்டியது. பின்னணிச் சரிபார்ப்பில் இது தெரியவந்ததும் புதிய நிறுவனம் அவருடைய பணி உறுதிப்பாட்டை நிறுத்தி வைத்துவிட்டது. கடிதத்தில் நாள் இருந்திருந்தால் அதைக் காட்டியே விளக்கியிருக்கலாம். "ஆகஸ்ட் 2024" என்ற சொல் அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

அந்நிறுவன உரிமையாளரிடம் பேசியபோது அவர் தேதியைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "ஏனுங்க, நடந்ததத்தானுங்க எழுதியிருக்கோம்" என்றார். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்த எண்ணந்தான். விலகியதற்கான காரணத்தை எழுதுவதே நேர்மை என்று பலர் நம்புகிறார்கள். பணிவிடுப்புக் கடிதம் சொல்ல வேண்டியது, விலகல் ஏற்கப்பட்டது, இந்த நாளோடு பணியாளர் விடுவிக்கப்பட்டார் என்பதை மட்டுமே. அனுபவச் சான்று சொல்ல வேண்டியது, எந்தப் பதவியில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை பணிபுரிந்தார் என்பதை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினாலும் குற்றமில்லை. ஆனால் "ஒத்துழைக்கவில்லை" என்பது உங்கள் கருத்து. அதை மறுத்துப் பேச அந்தத் தாளில் அவருக்கு இடமில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஒவ்வொரு நேர்காணலுக்கும் அவர் அதைச் சுமந்து செல்ல வேண்டும். மெய்ப்பிக்க முடியாத குற்றச்சாட்டாக இருந்தால் அவதூறு வழக்கு உங்கள் வாசலுக்கும் வரும். நல்லெண்ணத்தோடு எழுதும் காரணமும் வேண்டாம். "பிரசவத்திற்காக விலகினார்", "உடல்நலக் குறைவால் விலகினார்" என்று எழுதிய கடிதங்களால் வேலை தட்டிப்போன பெண்களை நான் அறிவேன்.

காரணத்தை விடுவது வேறு, பொய் எழுதுவது வேறு. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவரை "தாமாக விலகினார்" என்று எழுதக் கூடாது. பதவியையும் தேதிகளையும் மட்டும் எழுதிக் கொடுங்கள்.

அந்த இளைஞருக்காக நான் எழுதிக் கொடுத்த வாசகம் இது: "இவர் எங்கள் நிறுவனத்தில் 14.06.2021 முதல் 31.03.2022 வரை செக்கராகவும், 01.04.2022 முதல் 03.08.2024 வரை தரக்கட்டுப்பாட்டு அலுவலராகவும் பணிபுரிந்தார். 03.07.2024 அன்று அளித்த பணிவிலகல் கடிதம் ஏற்கப்பட்டு, 03.08.2024 வேலைநேர முடிவில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்." இதற்கு மேல் பணியாளர் எண், கடிதத் தேதி, கையொப்பமிடுபவரின் பெயர், பதவி, சரிபார்ப்புக்கான மின்னஞ்சல் ஆகியவை போதும். பெயரை ஆதாரில் உள்ளபடியே, முன்னெழுத்து இடம் மாறாமல் எழுதுங்கள். தறிக்கூடத்தில் கூப்பிடும் பெயரையே எழுதிக் கொடுத்த கடிதங்களும் என்னிடம் வந்திருக்கின்றன. சம்பளத்துக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. முன்பணப் பாக்கியும் முன்னறிவிப்புக் குறைவும் இறுதிக் கணக்குத் தாளில் இருக்க வேண்டியவை.

வைப்புநிதிப் பதிவைத் திருத்த, இளைஞர் உறுப்பினர் இணையதளத்தில் கூட்டு உறுதிமொழி விண்ணப்பம் போட, பழைய நிறுவனம் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. ஆகஸ்ட் மாதச் சம்பளப் பதிவேட்டில் அவருக்கு மூன்று நாள் சம்பளமும் 28 நாள் பங்களிப்பில்லா நாட்களும் காட்டப்பட்டிருந்ததால் மறுக்க வழியில்லாமல் போனது. புதிய கடிதமும் திருத்தப்பட்ட தேதியும் சென்ற பிறகே அவருடைய பணி உறுதியானது.

வேலையை விட்டு வரும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். கடைசி நாளில் கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். அங்கேயே நின்று தேதிகளையும் பெயரையும் படித்துப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து வைப்புநிதி உறுப்பினர் இணையதளத்தில் Service History பக்கத்தைத் திறந்து, விலகிய தேதி கடிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதற்குள் உங்களை அறிந்த கணக்காளர் அந்த நிறுவனத்தில் இருப்பார்; ஆண்டுகள் கழித்துப் போனால் இருக்க மாட்டார்.