பாலிசியை மாற்றினால் காத்திருந்த காலம் கூடவே வருமா?

கொழும்பில் வேலை செய்துகொண்டு, திருச்சியிலோ மதுரையிலோ இருக்கும் பெற்றோருக்கு மருத்துவக் காப்புறுதிப் பணம் கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: "இந்த நிறுவனம் சரியில்லை, வேறொன்றுக்கு மாறினால் அப்பாவின் சர்க்கரைக்கு மறுபடி மூன்று வருஷம் காத்திருக்க வேண்டுமா?"

பாலிசி எடுத்த முதல் சில வருஷங்களில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு நிறுவனம் பணம் தராது; அதுதான் காத்திருப்புக் காலம். மாறினாலும் பழைய தொகை வரைக்கும் அதை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பாலிசியை நிறுவனம் விட்டு நிறுவனம் மாற்றும் உரிமை இந்தியாவில் 2011 அக்டோபரில் இருந்து உண்டு. 'போர்ட்டிங்' என்பது இதைத்தான். ஆனால் அது இந்திய ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ கொடுத்த உரிமை; கொழும்பில் எடுத்த பாலிசிக்கு அதைக் காட்டி வாதாட முடியாது. இங்கே நிறுவனம் மாறுகிறவர்கள், பழைய காலத்தைப் புதிய நிறுவனம் ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் வாங்காமல் பழையதை விடவே கூடாது.

இந்தியப் பாலிசியில் பலருக்கும் புரியாமல் போவது, கழிந்த காலம் எந்தத் தொகைக்கு ஒட்டிக்கொள்கிறது என்பதுதான். ஓர் உதாரணத்தை எடுப்போம். அப்பாவுக்கு வயது 63, நீரிழிவு உண்டு. காப்புத் தொகை 5 இலட்சம் இந்திய ரூபாய், கிளெயிம் போடாத வருஷங்களுக்காகக் காப்புத் தொகையோடு சேர்ந்த போனஸ் 1 இலட்சம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்பு 36 மாதம். அதில் 24 மாதம் இடைவெளியின்றிக் கழிந்துவிட்டது. இப்போது அதே 36 மாதக் காத்திருப்புள்ள வேறொரு நிறுவனத்தில் 10 இலட்சத்துக்கு மாறுகிறார்.

கழிந்த 24 மாதமும் பழைய தொகையும் போனஸும் சேர்ந்த 6 இலட்சத்துக்குத்தான் செல்லும். அந்தப் பகுதிக்கு மீதி 12 மாதம் போதும். கூட்டிய 4 இலட்சத்துக்கு 36 மாதமும் புதிதாகத் தொடங்கும். மாறிய பதினான்காம் மாதத்தில் சர்க்கரைப் புண்ணுக்காக வைத்தியசாலையில் சேர்ந்து பில் ஏழரை இலட்சம் வந்தால், நிறுவனத்திடம் எதிர்பார்க்கக்கூடியது அதிகபட்சம் 6 இலட்சம். மீதி ஒன்றரை இலட்சம் குடும்பத்தின் கையிலிருந்து போகும். "10 இலட்சம் பாலிசி இருக்கிறதே" என்று வைத்தியசாலைக் கவுண்டரில் நின்று வாதாடிப் பயனில்லை.

புதிய பாலிசியின் காத்திருப்பு பழையதைவிட நீளமாக இருந்தால் அந்த மேலதிகக் காலத்தைக் கழிக்கவேண்டி வரும். கையெழுத்திடும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நாட்கணக்கு. பாலிசிப் பத்திரங்களில் பொதுவாக இருக்கும் நிபந்தனை, புதுப்பிக்கும் திகதிக்கு 60 நாளுக்கு முன்னதாக அல்லாமலும் 45 நாளுக்குப் பிந்தாமலும் விண்ணப்பிக்க வேண்டும் என்பது. புதுப்பிப்பு ஜூலை 20 என்றால், மே 21 முதல் ஜூன் 5 வரை. போர்ட்டிங் படிவம், புதிய முன்மொழிவுப் படிவம், பழைய பாலிசிப் பத்திரங்கள் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய நிறுவனம் கிளெயிம் விவரங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அவை கிடைத்து 5 நாளுக்குள் புதிய நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது ஐஆர்டிஏஐயின் 2024 சுற்றறிக்கை. மாற்றுவதற்கென்று தனிக் கட்டணம் கிடையாது.

பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம் முன்மொழிவுப் படிவம். அவசரத்தில் முகவர் அதைப் போர்ட்டிங் என்று குறிக்காமல் புதிய பாலிசியாகப் பதிந்துவிடுவார். பணம் கட்டியாயிற்று, பத்திரம் வந்துவிட்டது, எல்லாரும் நிம்மதி. இரண்டு வருஷம் கழித்து கிளெயிம் போடும்போதுதான் கழிந்த காலம் ஒன்றுமே வரவில்லை என்று தெரியும். கொழும்பிலிருந்து தொலைபேசியில் மட்டும் காரியம் பார்ப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நோய் விவரங்களை மறைப்பதும் அதே அளவு கெடுதல்: முந்தைய கிளெயிம்கள் புதிய நிறுவனத்துக்குப் போய்விடும், பொய் உடனே தெரிந்துவிடும்.

ஆகையால் புதிய பத்திரம் வந்த நாளே முதல் பக்க அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய பாலிசி முதலில் தொடங்கிய திகதி, தொடர்ச்சி கணக்கிடப்படும் தொகை, நீரிழிவுக்கு மீதமுள்ள காத்திருப்பு மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் திருத்தச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசிப் பேச்சு சாட்சியாகாது. புதிய பாலிசியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆண்டுப் பிரீமியம் கட்டும் பழைய பாலிசியைத் திகதி கடந்தும் புதுப்பிக்கக் கிடைக்கும் சலுகை நாட்களும் 30தான், அந்த நாட்களில் வரும் நோய்க்குக் காப்பு இல்லை. அதனால் திருத்தம் முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும்.

உரிமை இருந்தாலும் புதிய நிறுவனம் ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வயதையும் நோயையும் பார்த்து மறுக்கலாம், பிரீமியத்தைக் கூட்டியும் கேட்கலாம். ஒப்புதல் எழுத்தில் வரும்வரை பழைய பாலிசியின் புதுப்பிப்புப் பணத்தை ஒதுக்கி வைத்திருங்கள். மறுப்பு வந்தால் திகதி தவறாமல் பழையதையே புதுப்பியுங்கள். கழிந்த 24 மாதமும் அங்கே அப்படியே இருக்கும், அடுத்த வருஷம் மீண்டும் முயலலாம்.