தலையில் வரும் படர்தாமரைக்கு மாத்திரை ஏன்?

தக்கலைப் பக்கம் 18 கிலோ எடையுள்ள 6 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் காதுக்கு மேலே ரூபாய் நாணய அளவில் முடி இல்லாமல் போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் மாவட்டத்து வீடுகளில் அதைப் புழுவெட்டு என்று எண்ணிச் சின்ன வெங்காயத்தைத் தேய்ப்பார்கள். பின்னர் மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவுவார்கள். ஒரு மாதத்தில் அந்த இடம் இரண்டாகவும் மூன்றாகவும் பெருகியிருக்கும்.

புழுவெட்டில் முடி வேரோடு உதிர்வதால் தோல் வழுவழுப்பாக இருக்கும், செதில் இருக்காது. இச்சிறுமியின் தலையிலோ வெண்செதில் படிந்திருக்கிறது. முடி உதிராமல் ஒடிந்திருப்பதால், அதன் அடிக்கட்டைகள் தோல்மட்டத்தில் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன. பிடரியில் நெறி கட்டியிருக்கிறது. இவை மூன்றும் சேர்ந்திருந்தால் படர்தாமரை எனும் பூஞ்சைத் தொற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாள்தோறும் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் தலையில் செதில் எண்ணெயோடு ஒட்டிக் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், மருத்துவரிடம் போகும் நாளில் எண்ணெய் தேய்க்காமல் அழைத்துச் செல்வது நல்லது. அவர் ஒடிந்த முடிக்கட்டைகளையும் செதிலையும் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வார். பூஞ்சையின் வித்துகள் முடித்தண்டுக்குள் நெருக்கமாக அடைந்திருப்பது அதில் தெரியும்.

வித்துகள் முடிக்குள்ளேயே இருப்பதுதான் களிம்பு தோற்பதற்குக் காரணம். இந்தியாவில் இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் டிரைக்கோஃபைட்டான் வகைப் பூஞ்சை, முடியின் கெரட்டின் புரதத்தைத் தின்று வாழ்கிறது. தோலில் விழுந்த வித்து முளைத்து, முடிக்குழிக்குள் இறங்கி, தண்டைத் துளைத்து உள்ளே போய்க் கீழ்நோக்கி வளர்கிறது. ஆனால் வேரின் அடிவரை அது போவதில்லை. கெரட்டின் கெட்டிப்படத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. முடியோ மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ., அதாவது நாளுக்கு 0.3 மி.மீ. அளவில் மேல்நோக்கி வளர்கிறது. நீரோட்டத்தின் வேகத்துக்கு ஈடாக எதிர்த்துத் துழாவப்படும் வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல, முடி மேலேற ஏறப் பூஞ்சையும் அதே வேகத்தில் கீழிறங்கித் தன் இடத்தைக் காத்துக்கொள்கிறது. மேலே தடவிய களிம்பு செதிலைக் குறைத்து, நோய் ஆறுவதுபோல் காட்டுமே தவிர, தோலுக்குக் கீழே முடியின் உள்ளிருக்கும் பூஞ்சையை எட்டுவதில்லை.

மாத்திரையோ இரத்தத்தின் வழியாக வேருக்கே வருகிறது. கிரிசியோஃபுல்வின் என்ற மாத்திரை புதிதாக உருவாகும் கெரட்டினிலேயே கலந்துவிடுவதால், அதன்பின் வளரும் முடிக்குள் பூஞ்சையால் இறங்க முடியாது. பழைய முடி வளர்ந்து மேலேறும்போது தொற்றையும் வெளியே கொண்டுபோகிறது. சிகிச்சைக்குரிய காலத்தை முடியின் வேகமே பெரிதும் தீர்மானிக்கிறது. இம்மருந்தை 6 முதல் 8 வாரம் கொடுக்க வேண்டும். கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடல் அதை நன்றாக உறிஞ்சும். டெர்பினஃபின் என்ற மற்றொரு மாத்திரை டிரைக்கோஃபைட்டானை விரைவாகக் கொல்லும். 18 கிலோ குழந்தைக்கு வழக்கமான அளவு நாளுக்கு 62.5 மி.கி., அதாவது 250 மி.கி. மாத்திரையில் கால் பங்கு, பொதுவாக 4 வாரம். பூனை, நாயிடமிருந்து வரும் மைக்ரோஸ்போரம் வகைப் பூஞ்சைக்குக் கிரிசியோஃபுல்வினே மேலானது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இரண்டாம் வாரத்தில் செதில் மறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதைத்தான் நான் பெரிதும் அஞ்சுகிறேன். முடிக்குள் எஞ்சிய பூஞ்சை மீண்டும் கீழிறங்கத் தொடங்கும்.

சில குழந்தைகளுக்கு அந்த இடம் மெத்தென்று வீங்கிச் சீழ் கசியும். அது பெரும்பாலும் பூஞ்சைக்கு எதிராக உடல் காட்டும் கடும் அழற்சியே. சீழ்க்கட்டி என்று எண்ணிக் கீறினால் பயனில்லை. தாமதமானால் தழும்பு விழுந்து, அங்கே முடி நிரந்தரமாக முளைக்காமல் போகும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு சிவப்பையும் அரிப்பையும் அடக்கிப் பூஞ்சையை மறைவில் வளரவிடும்.

இனி சீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒடிந்த முடித்துண்டும் செதிலும் வித்துகளோடு சீப்பின் பல்லிடுக்கில் தங்கும். அவை அங்கே மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். அதே சீப்பால் அக்காளுக்கும் தம்பிக்கும் தலை வாரினால் வித்து நேரே தோலில் பதியும். பருவம் எய்தாத குழந்தைகளின் தலையில், பூஞ்சையைத் தடுக்கும் கொழுப்பு அமிலங்கள் குறைவு என்பதால் அவர்களுக்கே இது எளிதில் பற்றுகிறது. பெரியவர்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் வித்தைச் சுமந்திருக்கக்கூடும். ஆகவே வீட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளின் தலையையும் பார்க்க வேண்டும். கீட்டோகோனசோல் 2% ஷாம்பூவை வாரம் இருமுறை, 5 நிமிடம் ஊறவிட்டு, எல்லோரும் பயன்படுத்தலாம். ஷாம்பூ வித்து பரவுவதைக் குறைக்குமே ஒழிய நோயைத் தீர்க்காது. பழைய சீப்பையும் பேன் சீப்பையும் எறிந்துவிட்டு ஆளுக்கொன்று வாங்குவதே எளிது. துவர்த்து, தலையணை உறை, ரிப்பன் ஆகியவற்றை வெந்நீரில் துவைக்க வேண்டும். மொட்டையடிக்க வேண்டிய தேவையில்லை. மாத்திரையும் ஷாம்பூவும் தொடங்கியபின் குழந்தை பள்ளிக்கும் போகலாம். மாத்திரைக் காலம் முடிந்ததும் மறுபடி முடி எடுத்துப் பார்த்து, பூஞ்சை இல்லை என்று உறுதியானால்தான் மருந்தை நிறுத்த வேண்டும்.