கோன்ட்ரோபியேதே: எதிராளியின் கால் திரும்பியிருக்கும் நேரம்

இத்தாலியப் பத்திரிகைகளின் கால்பந்துச் செய்தியை ஆங்கிலமாக்கும் வேலையில் என்னை அதிகம் ஏமாற்றிய சொல் 'கோன்ட்ரோபியேதே'. கடினமான சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பேன். இது எளிதாகத் தெரிந்ததுதான் வம்பு. 'கோன்ட்ரோ' என்றால் எதிர், 'பியேதே' என்றால் கால். 'கவுண்டர் அட்டாக்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். பத்துக்கு ஏழு முறை அது சரியாகவே இருக்கும். மீதி மூன்றில்தான் மானம் போகும்.

சொல்லின் வேரைப் பார்த்தால் காரணம் புரியும். இதில் தாக்குதல் என்ற பொருளே கிடையாது. பிரெஞ்சு மொழியில் இதே உருவத்தில் 'கோந்த்ர்-பியே' என்று ஒரு சொல் உண்டு. பழைய வேட்டைக்காரர்களின் சொல் அது. மோப்ப நாய்கள் மானின் தடத்தைப் பிடித்து, மான் போன திசைக்குப் பதிலாக வந்த திசையில் ஓடினால் அப்படிச் சொல்வார்கள். தடம் சரி, திசை தலைகீழ். கிரேக்க நாடகத்தின் பாடற்குழு குதிகாலில் திரும்பி நடப்பதிலிருந்து இத்தாலியச் சொல் வந்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள். எனக்கு நாய்க் கதைதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் மைதானத்தில் நடப்பதும் அதுதான். எதிரணி முழுவதும் முன்னேறி வந்திருக்கிறது. எல்லாருடைய கால்களும் ஒரே பக்கம் நோக்கியிருக்கின்றன. பந்து திடீரென்று மறுபக்கம் போகிறது. அவர்கள் திரும்புவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்த இரண்டு மூன்று விநாடிக்குத்தான் இந்தச் சொல் பெயர் வைக்கிறது.

ஆகவே இத்தாலியன் இச்சொல்லை, அந்த நேரத்தில் எதிரணியின் கோலை நோக்கிப் பாயும் பாய்ச்சலுக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. கோல்கீப்பர் இடப்பக்கம் சாயும்போது பந்து வலப்பக்கம் போனால், அவர் 'கோன்ட்ரோபியேதே'யில் பிடிபட்டார் என்பார்கள். நிருபர் கேட்ட கேள்விக்கு அமைச்சர் விழித்தாலும் அதே சொல்தான். கூடைப்பந்தில் வேகமாக எதிர்க்கூடைக்கு ஓடுவதும் அதே. பழக்கமில்லாத காலத்தில், ஃப்ரீ கிக்கில் கோல்கீப்பர் ஏமாந்ததைப் பற்றிய வரியை நான் 'கவுண்டர் அட்டாக்கில் சிக்கினார்' என்று எழுதி அனுப்பினேன். ஃப்ரீ கிக்கில் கவுண்டர் அட்டாக் எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் ஒரே வரியில் திருப்பிக் கேட்டார். அங்கே ஆங்கிலத்தில் 'ராங்-ஃபுட்டட்' என்று வந்திருக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய வினைச்சொல்லைப் பார்த்தால் போதும். 'பர்த்திரே' (புறப்படு), 'ஆந்தாரே' (போ), 'கோல்பீரே' (அடி) போன்ற வினைகளோடு வந்தால் அது பாய்ச்சல். 'பிரெந்தெரே' (பிடி), 'கோலியெரே' (அகப்படுத்து) போன்ற வினைகளோடு, ஓர் ஆளைச் செயப்படுபொருளாக வைத்து வந்தால் அது ஏமாற்று. முன்னிடைச்சொல் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அதை நம்பிப் பயனில்லை.

இன்னொரு சிக்கல் பின்னால் வந்து சேர்ந்தது. 1960களில் பயிற்சியாளர் எலேனியோ எரேராவின் இன்டர் அணி, பின்னால் கதவைத் தாழிட்டுவிட்டுக் காத்திருந்து பாயும் ஆட்டத்தால் 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. தாழிடும் பாதிக்கு 'கத்தெனாச்சோ' என்று பெயர். கதவுத் தாழ்ப்பாள் என்றே பொருள். ஆங்கிலம் இந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டது. பாயும் பாதியான கோன்ட்ரோபியேதேயை வாங்கவில்லை. அதனால் இன்றும் ஆங்கில வாசகருக்கு இத்தாலிய ஆட்டம் என்றால் பூட்டிய கதவுதான் ஞாபகம் வருகிறது; கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தவர்கள் ஞாபகம் வருவதில்லை.

1987இல் மிலான் அணியின் பயிற்சியாளராக வந்த அர்ரீகோ சாக்கிக்கு இந்தக் காத்திருக்கும் ஆட்டமே பிடிக்காது. பந்தை இழந்தவுடன் முன்னேறிப்போய் நெருக்கிப் பிடுங்க வேண்டும், பிடுங்கிய இடத்திலிருந்தே மறுபடி கிளம்ப வேண்டும் என்பது அவர் வழி. அதற்கு அவர் பரப்பிய சொல் 'ரிபர்தென்ஸா', அதாவது மறுபுறப்பாடு. பழைய சொல்லில் பின்வாங்கிப் பதுங்கிய வாடை அடிக்கும், புதிய சொல்லில் அது இல்லை. இதனால் இத்தாலியில் இந்த இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே பக்கம் சாய்வது போலானது. இன்றைய நிருபர்கள் அவசரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள் என்பதால், பந்து எந்த இடத்தில் பிடுங்கப்பட்டது என்று நான் பார்ப்பேன். தன் பெனால்டி பெட்டிக்கு அருகே என்றால் 'ஆன் தி பிரேக்' என்று எழுதலாம். எதிரணியின் பாதியில் நெருக்கிப் பிடுங்கியிருந்தால் இன்றைய ஆங்கில நிருபர்கள் சொல்லும் 'டிரான்சிஷன்' பொருந்தும்.

ஓர் உண்மையான கோலை வைத்துப் பார்க்கலாம். 2006 ஜூலை 4, டார்ட்மண்ட், உலகக் கோப்பை அரையிறுதி. கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் ஃபாபியோ கிராஸோ அடித்து இத்தாலி 1-0 என முன்னிலை பெற்றது. சமன்செய்யத் துடித்த ஜெர்மனி மொத்தமாக முன்னேறியது. கன்னவாரோ தன் பெட்டியிலிருந்து தலையால் பந்தை வெளியேற்றினார், வெளியே ஓடிப்போய் அதையே மறுபடி பிடுங்கினார். டோட்டி வழியாக அது முன்னாலிருந்த ஜிலார்டினோவுக்குப் போனது. அவர் பார்வையை ஒரு பக்கம் வைத்துப் பந்தை மறுபக்கம் தள்ள, பின்னாலிருந்து ஓடிவந்த டெல் பியேரோ அதை வளைத்து வலையின் மேல் மூலையில் சேர்த்தார். 2-0. பதுங்கியிருந்து பாயும் பழைய ஆட்டத்துக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இத்தாலிய நடையில் இதை ஒரு வாக்கியமாக நானே செய்து பார்க்கிறேன். எந்தப் பத்திரிகையிலிருந்தும் எடுத்ததில்லை, ஆனால் நடை அந்த ஊருடையதுதான்: 'அல் சேதிச்சி, கோன்ட்ரோபியேதே: கன்னவாரோ மோர்தே, டோட்டி இல்லூமினா, ஜிலார்டினோ வேதே சென்ஸா குவர்தாரே, பின்தூரிக்கியோ திபிஞ்ஜே.' சொல்லுக்குச் சொல் மாற்றினால், 'பதினாறாவதில், எதிர்க்கால்: கன்னவாரோ கடிக்கிறார், டோட்டி ஒளியூட்டுகிறார், ஜிலார்டினோ பார்க்காமலே காண்கிறார், பின்தூரிக்கியோ ஓவியம் தீட்டுகிறார்.'

முதல் பொறி 'பதினாறாவது'. இத்தாலியப் பத்திரிகைகள் நிமிடத்தை ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றிலிருந்து எண்ணுகின்றன. இரண்டாம் பாதியின் 20ஆம் நிமிடம் என்று அவர்கள் எழுதினால் ஆங்கில வாசகருக்கு அது 65. கூடுதல் நேரத்தின் இரண்டாம் பகுதியில் 16 என்றால் 105ஐக் கூட்டி 121, அதாவது அந்தப் பகுதியின் 15 நிமிடமும் தாண்டிய பிறகு. பகுதியைக் குறிக்கும் சுருக்கெழுத்து கோல் பட்டியலில் மட்டும் இருக்கும், கட்டுரையின் உடலில் பல சமயம் இருக்காது. எண்ணை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ஆட்டத்தின் கதையே தலைகீழாகிவிடும்.

இரண்டாவது பொறி அந்தப் பின்தூரிக்கியோ. மறுமலர்ச்சிக் கால ஓவியர் ஒருவரின் பெயர் அது. யுவென்டஸ் அணியின் உரிமையாளர் ஜான்னி அன்யெல்லி அதை டெல் பியேரோவுக்குச் செல்லப் பெயராக்கினார். ஒரே பெயரை இரண்டு முறை எழுதுவதை இத்தாலிய நிருபர் இழுக்காக நினைப்பார். ஒரே பத்தியில் ஒருவரே டெல் பியேரோ, அலெக்ஸ், ஏழாம் எண், பின்தூரிக்கியோ என்று நான்கு பெயரில் வருவார். அணிக்கும் அப்படித்தான்: 'நீலங்கள்' என்றால் இத்தாலி, 'வெள்ளை-கறுப்பர்' என்றால் யுவென்டஸ். இதைத் தெரியாமல் மொழிபெயர்த்தால் மைதானத்தில் பன்னிரண்டு பேர் ஆடுவார்கள். நான் செய்வது, செல்லப் பெயரைக் கட்டுரையில் ஒரே ஒரு முறை, அதன் பொருளோடு வைப்பது. மற்ற இடங்களில் உண்மைப் பெயர் அல்லது 'அவர்'. ஆங்கிலத்தில் பெயர் திரும்ப வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

மூன்றாவது, அந்த நாடகத்தனம். கடிக்கிறார், ஒளியூட்டுகிறார், தீட்டுகிறார் என்று நிகழ்காலத்தில் தொடர்ந்து வரும் வினைகள் இத்தாலியில் மிகை ஆகாது. ஆங்கிலத்தில் அப்படியே விட்டால் கேலி எழுத்து போலாகும். எல்லாவற்றையும் வெட்டிவிட்டாலோ தந்திச் செய்தி போலாகும். இந்த வாக்கியத்தில் உயிர் 'தீட்டுகிறார்' என்பதில் இருக்கிறது, பெயரோடு கட்டிய சிலேடை அது. அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஆட்டச் செயலாக மாற்றிவிடுவேன். காலத்தை இறந்தகாலம் ஆக்குவேன். 'கோன்ட்ரோபியேதே' என்ற பெயர்ச்சொல்லை வினையாக்கி, 'இத்தாலி புரோக்' என்று இரண்டே சொல்லில் தொடங்குவேன். ஆங்கில நிருபர் உண்மையில் எழுதுவது அதுதான், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தமிழில் இதற்கு என்ன சொல்? விளையாட்டுச் செய்திகளில் 'எதிர்த்தாக்குதல்' என்று எழுதுகிறார்கள். போரில் குண்டுக்குப் பதில் குண்டு போடுவதற்கும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள் என்பது அதன் குறை. பதிலடி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எதிராளி திரும்பிப் பார்க்காத நேரம் என்ற எண்ணம் வருவதில்லை. சொல்லுக்குச் சொல்லாக 'எதிர்க்கால்' என்று ஆக்கலாம்தான். ஆனால் அச்சில் அதைப் பார்ப்பவர் 'எதிர்காலம்' என்பதில் எழுத்து விழுந்துவிட்டது என்று நினைப்பார். நான் 'எதிர்ப்பாய்ச்சல்' என்று எழுதுகிறேன். பாய்ச்சல் என்றாலே நமக்குப் பதுங்கல் ஞாபகம் வந்துவிடும் என்பதால் காத்திருந்த பகுதியையும் அது சொல்லிவிடுகிறது. ரிபர்தென்ஸாவுக்கு 'மறுபுறப்பாடு' போதும், அங்கே பதுங்கல் இல்லை.

கோல்கீப்பர் ஏமாறும் இடத்துக்குப் புதிய சொல்லே வேண்டாம். 'போக்குக் காட்டுதல்' நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோல்கீப்பருக்குப் போக்குக் காட்டிப் பந்தை மறுபுறம் தள்ளினார் என்றால், மைதானம் பார்த்திராதவருக்கும் காட்சி வந்துவிடும். அமைச்சர் விஷயத்துக்கு 'அசந்த நேரத்தில் மாட்டிக்கொண்டார்' என்று எழுதினால் சரியாக இருக்கும்.

நான் செய்த வாக்கியத்தைத் தமிழில் இப்படி எழுதுவேன்: 'கூடுதல் நேரமும் தீர்ந்துபோன 121ஆம் நிமிடத்தில் இத்தாலியின் எதிர்ப்பாய்ச்சல். கன்னவாரோ பிடுங்கிய பந்து டோட்டி வழியாக ஜிலார்டினோவுக்குப் போகிறது. ஒரு பக்கம் பார்த்தபடி அவர் மறுபக்கம் தள்ள, பின்தூரிக்கியோ என்ற ஓவியரின் பெயரைச் செல்லப் பெயராகக் கொண்ட டெல் பியேரோ, வலையின் மேல் மூலையில் தீட்டி முடிக்கிறார்.' நிகழ்காலத்தை மாற்றவில்லை. வானொலி வர்ணனை கேட்டு வளர்ந்த காதுக்கு அது மிகையாகப் படாது.