நகர மாநிலமா, நகரநாடா?

"சிங்கப்பூர் ஒரு நகர மாநிலம்" என்று தொலைக்காட்சிச் செய்தியில் மறுபடியும் வாசித்தார்கள். பக்கத்தில் இருந்த அண்ணன் மகள், "அப்போ அது எந்த நாட்டுல இருக்கு சித்தப்பா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. சிங்கப்பூர் உண்மையிலேயே மாநிலமாக இருந்ததுண்டு: 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை, மலேசியாவுக்குள். பிரிந்து தனிநாடாகி அறுபது ஆண்டு ஆன பிறகும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை விடுவதாயில்லை.

குழப்பம் 'ஸ்டேட்' என்ற சொல்லில் இருக்கிறது. அது தன்னாட்சி கொண்ட நாட்டையும் குறிக்கும், கூட்டாட்சியின் உறுப்பையும் குறிக்கும். ஏதென்ஸ் போன்ற பழைய கிரேக்க நகரங்களைச் சொல்லும் 'சிட்டி ஸ்டேட்'டில் உள்ளது முதல் பொருள். (பழைய இலக்கியத்தில் மாநிலம் என்றால் இந்த உலகமே. அது வேறு கதை.)

நகர மாநிலம் என்ற சொல்லே தப்பு என்று சொல்லவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். பரப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஹாம்பர்க் சுமார் 755 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூர் கடலைத் தூர்த்துத் தூர்த்து எட்டியது சுமார் 735. ஹாம்பர்க்கின் மேயர்தான் அந்த மாநில அரசுக்கும் தலைவர். ஆனால் படை, குடியுரிமை எல்லாம் பெர்லின் கையில். சிங்கப்பூருக்குத் தன் படை, தன் நாணயம், தன் குடிநுழைவு உண்டு.

புள்ளிவிவரத்தில்தான் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கிய பெட்டி மியூனிக் போனால் அது உள்நாட்டுச் சரக்கு, யாரும் ஏற்றுமதி என்று எழுதுவதில்லை. சிங்கப்பூரில் இறங்கிய பெட்டி பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூர் போனாலே மறுஏற்றுமதி. அதனால்தான் அதன் ஏற்றுமதி இறக்குமதித் தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல மும்மடங்கை ஒட்டி வருகிறது. தனிநபர் வருமானப் பட்டியலிலும் இப்படித்தான்: ஜெர்மனியின் சராசரியைக் கீழே இழுக்கச் சிற்றூர்கள் இருக்கின்றன, சிங்கப்பூருக்கு அப்படி ஒரு பின்னிலம் இல்லை. பட்டியலில் 'மாநிலம்' என்று போட்டுவிட்டால் இதை வாசகர் எப்படி ஊகிப்பார்?

பாடநூல்களில் வரும் 'நகர அரசு' இதைவிடத் தேவலை. ஆனால் "நகர அரசு குப்பை வரியை உயர்த்தியது" என்று எழுதிப் பாருங்கள், மாநகராட்சிதான் நினைவுக்கு வரும். சிங்கப்பூரிலோ தனி மாநகராட்சியே கிடையாது. இருந்த நகராட்சி மன்றத்தின் வேலைகளை 1959இல் அரசே எடுத்துக்கொண்டது.

என் ஓட்டு 'நகரநாடு'க்கு. சோழர் கல்வெட்டில் நகரம் வணிகர் அவை, நாடு ஊர்களின் கூட்டம், இரண்டையும் ஒட்டவைக்கலாமா என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். வரட்டும். அண்ணன் மகளிடம் "நகரநாடு" என்று சொன்னேன். "ஓ, ஊரே நாடா?" என்றாள்.