எக்செம்ப்ஷன்: விலக்கா, தள்ளுபடியா?

போன வாரம் ஒருவர் மகளுடைய படிப்பு விஷயமாகப் பேச வந்திருந்தார். கையில் ஒரு பயிற்சி நிலையத்தின் துண்டறிக்கை. "ஏ.சி.சி.ஏ. படிப்பில் 9 தாள்கள் தள்ளுபடி!" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஏ.சி.சி.ஏ. என்பது இங்கிலாந்தின் கணக்கர் சங்கம் ஒன்று நடத்தும் தொழில்முறைப் படிப்பு. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்படின்னா அந்த ஒன்பது தாளுக்கும் பணம் கட்ட வேண்டாம், இல்லையா சார்?"

கட்ட வேண்டும். தேர்வுதான் எழுத வேண்டாம். அந்தப் படிப்பில் விலக்கு பெறும் ஒவ்வொரு தாளுக்கும் தனியாக ஒரு கட்டணம் உண்டு. அவர் கணக்கில் தவறில்லை, துண்டறிக்கையில் இருந்த சொல்லில்தான் தவறு. இந்தத் 'தள்ளுபடி'யை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

இப்படித் தாள் எழுதாமல் விடுவதற்கு ஆங்கிலத்தில் எக்செம்ப்ஷன் என்று பெயர். அது 'வெளியே எடுத்துவிடுதல்' என்ற பொருள் தரும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரு கடமையிலிருந்து ஒருவரை வெளியே எடுத்து நிறுத்துவது. தமிழில் விலகு என்பது தன்வினை, விலக்கு என்பது பிறவினை. தானே நகர்ந்தால் விலகல், இன்னொருவர் நகர்த்தினால் விலக்கல். விதியும் விலக்கும் நம் மொழியில் பழைய இணை. விதிவிலக்கு, வரிவிலக்கு எல்லாம் அதன் வழி வந்தவை. மதுவிலக்கில் அது தடை என்ற பொருளில் வருகிறது, ஆனால் அதனால் யாரும் வரிவிலக்கை வரித்தடை என்று புரிந்துகொள்வதில்லை. சொல் தயாராக இருக்கிறது. தாள்விலக்கு என்றால் போதும்.

அப்புறம் எதற்குத் தள்ளுபடி? கடன் தள்ளுபடி என்று செய்தித்தாளில் படிக்கிறோம், அதே போலத்தானே என்பார்கள். இல்லை. கடன் தள்ளுபடியில் கொடுக்க வேண்டியது கொடுக்கப்படாமலேயே கணக்கிலிருந்து போய்விடுகிறது. நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி ஆனால் அது நிராகரிக்கப்பட்டது என்று பொருள். கடையில் தள்ளுபடி என்றால் விலை குறைகிறது. மூன்றிலும் ஏதோ ஒன்று ஒதுக்கித் தள்ளப்படுகிறது. தாள்விலக்கில் எதுவும் தள்ளப்படுவதில்லை. அந்தப் பாடம் உங்களுக்குத் தெரியும் என்று முன்பே ஒரு தேர்வு காட்டிவிட்டது, அதைத் தேர்வு நடத்தும் அமைப்பு ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கணக்கியலுக்குள்ளேயே தள்ளுபடி என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படிக்கும் பிள்ளை ரொக்கத் தள்ளுபடியைப் பேரேட்டில் எழுதுகிறது. அங்கே அது பணம், தொகை, பற்று வரவில் ஏறும் ஒரு எண். அதே பிள்ளை இரண்டு வருடம் கழித்துத் தேர்வு விதிகளைப் படிக்கும்போது அதே சொல்லை வேறு பொருளில் கொடுக்கிறோம். ஒரு துறைக்குள் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் இருப்பதுதான் நல்லது. அந்தத் துறை கணக்கியல் என்றால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

சிலர் 'தாள் சலுகை' என்கிறார்கள். இது இன்னும் மோசம். சலுகை இரக்கப்பட்டுக் கொடுப்பது, கொடுப்பவர் மனம்போல் கூடும், குறையும். விலக்கு அப்படியில்லை, தகுதி இருந்தால் கிடைக்கும். வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு எடுத்தவர் சி.ஏ. அடித்தளத் தேர்வை எழுதாமல் நேராக இடைநிலைக்குச் சேரலாம். பிற பட்டதாரிகளுக்கு அது 60 விழுக்காடு. அடக்கவிலைக் கணக்கர் கழகத்தின் சி.எம்.ஏ. இடைநிலையில் தேறியவருக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது. இதில் யாருடைய தயவும் இல்லை.

சரி, விலக்கு என்று சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால், அங்கேதான் எனக்கே ஒரு தயக்கம். ஆங்கிலத்தில் எக்செம்ப்ஷன் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்களை அழைக்கிறார்கள். மொழிபெயர்ப்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

முதல் வகை, வேறு தகுதியால் வருவது. ஏ.சி.சி.ஏ.யில் மொத்தம் 13 தாள்கள். முதல் இரண்டு நிலைகளில் 9, கடைசி நிலையில் 4. முன்பு படித்ததைப் பொறுத்து அந்த 9 வரை விலக்கு கிடைக்கலாம். கடைசி 4-ஐ யாராக இருந்தாலும் எழுதியாக வேண்டும். விலக்கு பெற்ற தாளுக்கு மதிப்பெண் எதுவும் இல்லை. எழுதவே இல்லை, எப்படி இருக்கும்? இது முழுமையான விலக்கு.

இரண்டாவது வகை, அதே தேர்வில் தானே எடுத்த மதிப்பெண்ணால் வருவது. நம் சி.ஏ. மாணவர்கள் "எனக்கு ஒரு பேப்பர் எக்செம்ப்ஷன் வந்திருக்கு" என்று சொல்வது இதைத்தான். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சி.ஏ. இடைநிலைத் தேர்வின் இரண்டாம் தொகுதியில் மூன்று தாள்கள்: அடக்கவிலை மற்றும் மேலாண்மைக் கணக்கியல், தணிக்கை, நிதி மேலாண்மை. தேற ஒவ்வொன்றிலும் 40, மூன்றும் சேர்ந்து 300-க்கு 150 வேண்டும். ஒரு மாணவி 62, 38, 45 எடுக்கிறாள். தணிக்கையில் 40 இல்லை, கூட்டினாலும் 145தான். தொகுதி போய்விட்டது. ஆனால் மூன்று தாளையும் எழுதியிருக்கிறாள், ஒன்றில் 60-க்கு மேல் இருக்கிறது. ஆகவே அந்த அடக்கவிலைத் தாளை அடுத்து வரும் மூன்று தேர்வுகளில் அவள் திரும்ப எழுத வேண்டாம்.

இப்போது மீதி இரண்டு தாளில் அவளுக்கு எவ்வளவு வேண்டும்? தள்ளுபடி என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளை, "தாளுக்கு 40, மொத்தம் 80 போதும்" என்று நினைக்கும். அந்தத் தாள் உண்மையிலேயே நீக்கப்பட்டுவிட்டது என்று நினைப்பவர், இரண்டு தாளுக்கு 200-இல் பாதி, 100 வேண்டும் என்பார். இரண்டும் பிழை. பழைய 62 இன்னும் உயிரோடு இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் 150-ஐப் பார்ப்பார்கள். எனவே அவளுக்கு வேண்டியது 88. அடுத்த முறை 41-ம் 43-ம் எடுத்தால் இரண்டிலும் 40 தாண்டியும் தேற மாட்டாள். 62-ஐச் சேர்த்தால் 146தான் வரும். இரண்டு தாளிலும் 44 எடுத்தால் தேறிவிடுவாள். 60-க்கு மேல் எடுத்த தாள் அவளைத் தூக்கிவிடுகிறது, அதனால்தான் இலக்கு 100-இலிருந்து 88-ஆக இறங்குகிறது.

இதை விலக்கு என்று மட்டும் சொன்னால் அந்த 62 வேலை செய்வது தெரிவதில்லை. பேரேட்டில் இருப்பைக் கீழே இறக்கி அடுத்த காலத்துக்கு எடுத்துச் செல்கிறோமே, அதுதான் இங்கே நடக்கிறது. நான் இதை 'மதிப்பெண் தக்கவைப்பு' என்று சொல்லிவருகிறேன். மாணவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. முதல் வகைக்குத் தாள்விலக்கு, இரண்டாவதற்குத் தக்கவைப்பு.

தக்கவைப்பில் ஒரு கண்ணியும் இருக்கிறது. அதே மாணவி இரண்டாம் முறை நிதி மேலாண்மையில் 70 எடுத்து, தணிக்கையில் 36-இல் விழுகிறாள் என்று வையுங்கள். அந்த 70 தக்கவைக்கப்படாது. முதலில் கிடைத்த தக்கவைப்பு தீரும்வரை அந்தத் தொகுதியில் புதிதாக இன்னொன்று கிடையாது. மூன்றாம் முறையும் இரண்டு தாளையும் எழுத வேண்டும். 70 வாங்கிய பிள்ளை ஏன் திரும்ப எழுதுகிறாள் என்று வீட்டில் கேட்பார்கள். 'சலுகை' என்று சொல்லி வைத்திருந்தால், யாரோ வேண்டுமென்றே மறுத்துவிட்டார்கள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில், மூன்று முறையும் முடிந்த பிறகு அந்தத் தாளை நிரந்தரமாக ஒதுக்கி வைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். ஆனால் அப்படிக் கேட்டுவிட்டால் மீதியுள்ள தாள் ஒவ்வொன்றிலும் 50 எடுக்க வேண்டும். அதாவது பழைய 62 இனிமேல் தூக்கிவிடாது. தக்கவைப்பு அங்கே முடிந்து, உண்மையான விலக்கு தொடங்குகிறது. இரண்டு சொற்களும் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு விதியே சான்று.

சி.எம்.ஏ. வழியாக சி.ஏ.வுக்கு வருகிறவர்கள் விஷயத்திலும் இதே குழப்பம். சி.எம்.ஏ. இடைநிலை முடித்தவருக்கு அடித்தளத் தேர்வுதான் விலக்கு. சி.ஏ. இடைநிலைக்குள் இருக்கும் அடக்கவிலைத் தாளை, அதையே முதன்மையாகப் படித்தவர் என்றாலும், மற்றவர்களோடு உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும். வாசலில் கிடைக்கும் விலக்கு வேறு, உள்ளே தாளுக்குக் கிடைக்கும் விலக்கு வேறு. 'சி.எம்.ஏ. படித்தால் சி.ஏ.வில் தள்ளுபடி' என்று ஒரே வரியில் எழுதுகிறவர் இதை எப்படிச் சொல்வார்?

பெயர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டயம் என்பது அரசர் எழுதிக்கொடுத்த சாசனம். செப்புப் பட்டயம் நாம் அறிந்ததுதான். 1854-இல் எடின்பரோ கணக்கர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்ததிலிருந்து 'சார்ட்டர்ட்' என்ற அடைமொழி இந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. பட்டயக் கணக்கர் என்பது சரியான ஆக்கம். ஆனால் டிப்ளமோவையும் பட்டயப் படிப்பு என்று வைத்துவிட்டதால், சி.ஏ. ஏதோ டிப்ளமோ என்று நினைக்கிறவர்களை நேரில் சந்தித்திருக்கிறேன். நம் நாட்டில் சி.ஏ. கழகம் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அடக்கவிலைக் கணக்கர் கழகம் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அமைந்தவை. இரண்டுக்கும் நாடாளுமன்றமே அடிப்படை. ஆகவே பட்டயக் கணக்கர் உயர்வு, மற்றவர் ஒரு படி கீழே என்று அந்தச் சொல்லை வைத்து நினைப்பதற்கு இடமில்லை. இங்கிலாந்தின் மேலாண்மைக் கணக்கர் கழகமான சிமாவின் பெயரிலேயே சார்ட்டர்ட் இருக்கிறது.

காஸ்ட் அக்கவுன்டன்ட்டைச் 'செலவுக் கணக்கர்' என்று எழுதுவதையும் விட்டுவிட வேண்டும். செலவு போவது. அடக்கவிலை, ஒரு பொருளுக்குள் அடங்கியிருப்பது: மூலப்பொருள், கூலி, அதன் பங்குக்கு வரும் மேற்செலவு எல்லாம் சேர்ந்தது. ஒரு தொழிற்சாலையில் சம்பளம் கொடுத்தது செலவு. அந்தச் சம்பளத்தில் ஒரு பொருளுக்கு எவ்வளவு விழுகிறது என்று பிரித்துச் சொல்வது அடக்கவிலைக் கணக்கரின் வேலை.

அந்த அப்பாவிடம் துண்டறிக்கையை வாங்கி, 'தள்ளுபடி' என்பதை அடித்துவிட்டு 'தாள்விலக்கு, கட்டணம் உண்டு' என்று எழுதிக் கொடுத்தேன். எந்தெந்தத் தாளுக்கு, எந்தப் படிப்பை வைத்து, தாளுக்கு எவ்வளவு கட்டணம் என்று அந்த நிலையத்தில் எழுத்தில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.