பாலாற்று வெள்ளத்தின் செலவை எத்தனை ஆண்டுகளில் கட்டுவது?

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை வேலூர், இராணிப்பேட்டை பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் அப்படி வெள்ளம் வந்தால் சாலையும் பாலமும் ஏரிக்கரையும் சேதமாகும். அவற்றைச் சீரமைக்கும் செலவை யாராவது கொடுத்தாக வேண்டும். அந்த ஆண்டே வரியை உயர்த்தி மொத்தத்தையும் வசூலித்துவிடலாம். இல்லையென்றால் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு, வரியைக் கொஞ்சமாக உயர்த்திப் பல ஆண்டுகளில் அடைக்கலாம்.

வீட்டுக் கணக்கில் பழகிய மனம் முதல் வழியைத்தான் சொல்லும். கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும் அல்லவா? ஆனால் வரி விஷயத்தில், வட்டியைச் சேர்த்துப் பார்த்தாலும் இரண்டாவது வழிதான் மக்களுக்கு மலிவு. வரி வீதத்தை அதிர்ச்சிக்கு அதிர்ச்சி ஏற்றி இறக்காமல் சீராக வைத்திருக்க வேண்டும் என்ற இந்தக் கருத்தை, அரசுக் கடனைப் பற்றிய முழுக் கோட்பாடாக 1979இல் வகுத்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் பாரோ. அதன் உயிர்நாடி, கருவூலக் கணக்கில் எங்குமே பதிவாகாத ஒரு இழப்பில் இருக்கிறது.

குடியாத்தத்தில் நெய்த ஒரு லுங்கியை எடுத்துக்கொள்வோம். நூல், கூலி, கடைக்காரரின் வரவு எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குக் குறைந்து விற்க முடியாது என்று வைப்போம். ஒருவர் 310 ரூபாய் வரை கொடுத்து வாங்கத் தயார். இன்னொருவருக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறது. 350 வரை கொடுப்பார். வரி இல்லாதபோது இருவரும் 300க்கு வாங்கிப் போகிறார்கள். 5 சதவீத வரி போட்டால் விலை 315 ஆகிறது. முதலாமவர் வாங்காமல் திரும்பிவிடுகிறார். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய 10 ரூபாய் நிறைவு போயிற்று. அரசுக்கும் அவரிடமிருந்து ஒரு பைசா வரவில்லை. யாருக்கும் பயனின்றிக் காணாமல் போனது அந்த 10 ரூபாய். இதை வீண் இழப்பு என்று சொல்வோம். வரி 20 சதவீதமானால் விலை 360. இப்போது இரண்டாமவரும் திரும்பிவிடுகிறார். அவரோடு போவது 10 ரூபாய் அல்ல, 50 ரூபாய்.

வரி சிறியதாக இருக்கும்போது, வாங்கலாமா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தவர்கள் மட்டுமே விலகுகிறார்கள். அவர்கள் விலகுவதால் பெரிய நஷ்டமில்லை. வீதம் ஏற ஏற, விலகுபவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. விலகும் ஒவ்வொருவரும் இழக்கும் தொகையும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குவதால், வீதம் இரண்டு மடங்கானால் வீண் இழப்பு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்பூய் 1844இலேயே இதைக் கண்டு சொல்லிவிட்டார். வரியைச் சீராக வைக்க வேண்டும் என்ற வாதம் முழுவதும் இந்த இருமடிப் பெருக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

இனி ஒரு கற்பனை ஊரை வைத்துக் கணக்குப் போடலாம். பாலாற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் வரியே இல்லாவிட்டால் ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் வியாபாரம் நடக்கும். வரி ஒவ்வொரு சதவீதம் ஏறும்போதும் வியாபாரம் ஒரு கோடி குறையும். சாதாரண ஆண்டில் வரி 10 சதவீதம். அப்படியானால் வியாபாரம் 90 கோடி, வசூல் 9 கோடி. ஊரின் வழக்கமான செலவும் அதுவே. நடக்காமல் போன வியாபாரம் 10 கோடி. விலகியவர்களில் ஊசலாடிக்கொண்டிருந்தவர் இழப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை, கடைசியாக விலகியவர் இழப்பது ஏறத்தாழ வரி அளவு. ஆகவே சராசரி இழப்பு வரி வீதத்தில் பாதி, அதாவது 5 சதவீதம். ஆக வீண் இழப்பு 50 லட்சம்.

வெள்ளம் வருகிறது. சீரமைக்க 12 கோடி வேண்டும். எல்லாவற்றையும் அந்த ஆண்டே வசூலிப்பது என்றால் மொத்தத் தேவை 21 கோடி. அதற்கு வரி 20 சதவீதம் போதாது. 30 சதவீதம் வேண்டும். வியாபாரம் 70 கோடியாகச் சுருங்கிவிடும் என்பதால், 70 கோடியில் 30 சதவீதம்தான் 21 கோடியைத் தரும். வீண் இழப்பு 30 கோடியில் 15 சதவீதம், அதாவது 4.5 கோடி. வழக்கமான 50 லட்சத்தைக் கழித்தால் 4 கோடி கூடுதல். 12 கோடி மதிப்புள்ள சீரமைப்புக்கு ஊர் கொடுத்த உண்மை விலை 16 கோடி.

அதே 12 கோடியை 7 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிப் பத்துச் சம தவணைகளில் அடைத்தால் என்ன ஆகும்? ஆண்டுத் தவணை 1 கோடியே 71 லட்சம். அதைத் திரட்ட வரி 10இலிருந்து ஏறத்தாழ 12.2 சதவீதம் ஆனால் போதும். கூடுதல் வீண் இழப்பு ஆண்டுக்குச் சுமார் 24 லட்சம். பத்து ஆண்டு இழப்பையும் அதே 7 சதவீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 1.7 கோடி. முதல் வழியில் அது 4 கோடி.

வட்டிப் பணம் எங்கே போயிற்று என்று கேட்பது நியாயம். கடன் வழியில், மக்களிடமிருந்து முதல் ஆண்டே பிடுங்காத பணம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. அதை அவர்கள் வங்கியில் போட்டு வைக்கலாம், தொழிலில் போடலாம். வரி ஒரேயடியாக 30 சதவீதமானால் நகையை அடகு வைத்துச் சமாளிக்கும் குடும்பங்களும் உண்டு. அரசு வாங்கும் கடனின் வட்டி நகைக்கடன் வட்டியைவிடக் குறைவு என்பதால், அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஊர் கடன் வாங்குவது இன்னும் லாபம்.

எத்தனை ஆண்டுகளுக்குப் பரப்புவது என்பதில்தான் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றும் விடை இருக்கிறது. மேற்சொன்ன ஊரிலேயே மூன்று ஆண்டுகளில் அடைத்தால் கூடுதல் வீண் இழப்பின் இன்றைய மதிப்பு 2.13 கோடி. ஐந்து ஆண்டுகளில் 1.88 கோடி. பத்தில் 1.71, இருபதில் 1.64. அசலை அடைக்காமல் வட்டியை மட்டும் என்றென்றும் கட்டிக்கொண்டிருந்தால் 1.60. கோட்பாட்டைக் கறாராகப் பின்பற்றினால் கடைசி வழிதான் உத்தமம். ஆனால் 4 கோடியிலிருந்து 2.13 கோடிக்கு இறங்கும் பெரிய சேமிப்பு முதல் மூன்று ஆண்டுப் பரப்பலிலேயே கிடைத்துவிடுகிறது. பத்து ஆண்டுக்கு மேல் இழுப்பதால் மிச்சமாவது சில லட்சங்கள் மட்டுமே. ஆகவே பேரன் காலம் வரை கடனை இழுத்தடிக்க இந்தக் கோட்பாட்டைச் சாட்சிக்கு அழைப்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

இது தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. வெள்ளச் சேதம் ஒருமுறைச் செலவு. அந்த 12 கோடி ஆண்டுதோறும் வரும் செலவாக, புதிதாகச் சேர்த்த ஊழியர்களின் சம்பளமாகவோ ஓய்வூதியமாகவோ இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். எல்லா ஆண்டும் சமமாக வரும் செலவில் பரப்புவதற்கு ஒன்றுமில்லை. வரியை முதல் ஆண்டே 30 சதவீதத்துக்கு உயர்த்தி அங்கேயே வைப்பதுதான் சீரான வரி. கசப்பாக இருக்கிறதே என்று ஊர் ஆண்டுக்கு 12 கோடி கடன் வாங்கிக்கொண்டே போனால், நான்கு ஆண்டு முடிவில் கடன் 53 கோடி. அதற்கு மேல் கடன் ஏறாமல் நிறுத்த வட்டியையும் சேர்த்து 24.7 கோடி வசூலிக்க வேண்டும். வரி ஏறத்தாழ 45 சதவீதமாகும். ஐந்தாம் ஆண்டு கடன் 69 கோடி, தேவை 25.8 கோடி. அந்த ஊரிலோ எந்த வீதம் வைத்தாலும் 25 கோடிக்கு மேல் வசூலாகாது. 50 சதவீதத்தில் உச்சம் தொட்டுவிடும். அதற்கு மேல் ஏற்றினால் வியாபாரம் சுருங்கி வசூலும் குறையும். ஐந்தே ஆண்டில் வழி அடைபட்டுவிட்டது.

தற்காலிகச் செலவா நிரந்தரச் செலவா என்று பிரித்தறிவதுதான் ஆகவே முதல் வேலை. நல்ல மழை, நல்ல வியாபாரம் என்ற ஆண்டுகளிலும் ஊரின் வருமானத்தோடு ஒப்பிடும்போது கடன் ஏறிக்கொண்டே இருந்தால், நிரந்தரச் செலவைத் தற்காலிகம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். இன்னொரு அடையாளத்தைப் பாரோவே தந்தார். வரி உண்மையில் சீராக வைக்கப்பட்டிருந்தால், அடுத்த ஆண்டு அது ஏறுமா இறங்குமா என்று இன்று ஒருவராலும் ஊகிக்க முடியாது. புதிய, எதிர்பாராத செய்தி வந்தால் மட்டுமே வீதம் மாறும். தேர்தல் முடிந்ததும் ஏற்றுவார்கள் என்று டீக்கடையிலேயே பேசிக்கொள்ள முடிகிறது என்றால், அந்த வரி சீராக இல்லை.

சீராக வைப்பது என்றால் தொடாமல் விட்டுவிடுவது என்று எடுத்துக்கொள்வதும் தவறு. சொத்து வரி இதற்கு நம் கண்முன் உள்ள உதாரணம். பல ஆண்டுகள் உயர்த்தாமல் இருந்துவிட்டு, 2022 ஏப்ரலில், சென்னையின் பழைய பகுதிகள் நீங்கலாக மற்ற மாநகராட்சிகளில், 600 சதுர அடிக்குள்ளான வீடுகளுக்கு 25 சதவீதமும், 1200 வரை 50 சதவீதமும், 1800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் உயர்த்தினார்கள். காகிதத்தில் வரி அசையாமல் இருந்த ஆண்டுகளில், வாடகையும் வீட்டு விலையும் ஏறியதால் உண்மை வீதம் இறங்கிக்கொண்டே வந்தது; பிறகு ஒரே நாளில் ஏறியது. ஆண்டுதோறும் சிறிதளவு கூட்டியிருந்தால் அதுவே சீரான வரி. அதே சமயம் இங்கே ஒரு விலக்கும் உண்டு. வரி கூடியது என்பதற்காக நிலம் காட்பாடியிலிருந்து சித்தூருக்கு நகர்ந்துவிடாது. மனையின் மேல் விழும் வரியில் வீண் இழப்பு மிகக் குறைவு; கட்டடத்தின் மேல் விழும் பங்கில்தான், மாடி எழுப்ப நினைத்தவர் தயங்குவதால், இழப்பு வருகிறது. எனவே திடீர்ச் செலவுக்கு ஏதாவது ஒரு வரியை ஏற்றியே ஆக வேண்டும் என்றால் மனை வரிதான் குறைந்த சேதம் செய்யும்.

நடைமுறையில் ஒரு மாநிலமோ மாநகராட்சியோ நினைத்த அளவு கடன் வாங்கவும் முடியாது. ஒன்றிய அரசுக்குக் கடன்பட்டிருக்கும் மாநிலம் புதிய கடன் வாங்க அரசமைப்பின் 293ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசின் இசைவு வேண்டும். உள்ளாட்சிக்கோ மாநில அரசின் அனுமதி வேண்டும். கடன் கதவு பாதி மூடியிருக்கும்போது வரியைச் சீராக வைக்க எஞ்சியிருப்பது முன்கூட்டிச் சேர்த்து வைப்பது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி இந்த வகைதான். அதில் நம் போன்ற மாநிலங்களுக்கு முக்கால் பங்கு ஒன்றிய அரசுடையது, கால் பங்கு மாநிலத்துடையது.

நம் கற்பனை ஊரிலும் இதைச் செய்து பார்க்கலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை அப்படி ஒரு வெள்ளம் வரும் என்று கருதி, ஆண்டுக்கு 87 லட்சம் ஒதுக்கி 7 சதவீத வட்டியில் போட்டு வந்தால் பத்தாம் ஆண்டு 12 கோடி சேர்ந்திருக்கும். வரி 11.1 சதவீதம்தான். கூடுதல் வீண் இழப்பை வெள்ளம் வரும் ஆண்டின் மதிப்பில் பார்த்தால் 1.60 கோடி, என்றென்றும் வட்டி கட்டும் கடனுக்கு ஆனது போலவே. வெள்ளம் பத்தாம் ஆண்டு வரை காத்திருக்காமல் நான்காம் ஆண்டே வந்துவிட்டால், நிதியில் 3.86 கோடி இருக்கும். மீதி 8.14 கோடிக்கு மட்டும் ஊர் கடன் கேட்டுப் போகும்.